ஒரு கிலோ அஞ்சு கிராம்

வஜீஹா டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் ‘சார்ட் மிஸ்’ என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர்தான், ஆனால் அதைக் கேட்டால் அவருக்கு உள்ளுக்குள் குளிரும். தெர்மாகோல், கலர் பேப்பர், ஃபெவிகால், பளபள ரிப்பன் இவை நான்கும் கைக்குக் கிடைத்துவிட்டால் போதும், பின்னத்தைப் பூவாக்குவார், பகா எண்ணைப் பறவையாக்குவார். மயிலாப்பூர் கடலோரத்தில் இருக்கும் அந்த நடுநிலைப் பள்ளியில் பதினோரு வருடமாக அவர்தான் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்குக் கணக்கு. வீடு ராயப்பேட்டையில். காலையில் ஷேர் ஆட்டோவில் சார்ட் சுருளை மடியில் கிடத்திக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் அதில் சாய்ந்துவிடாமல் முழங்கையால் காவல் காத்தபடி வந்து இறங்குவார்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் செய்த ‘தசம மரம்’ ஆசிரியர்களுக்கான துணைக்கருவிக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. அடிமரம் ஒன்று, பத்துக் கிளை, கிளைக்குப் பத்து இலை. எல்லாரும் பார்த்து வாயைப் பிளந்தார்கள். தலைமையாசிரியர் ஆனந்தகுமார் அதை ஆபீஸ் அறையிலேயே மாட்டிவைத்தார். இதில் ஒரே ஒரு சின்னக் குறை: தசமத்தில் இடறும் ஒரு பிள்ளைக்கும் அந்த மரத்தைப் பார்த்துத் தசமம் வந்துவிடவில்லை.

எல்லாம் வராது என்றில்லை. ஒரே இடத்தில்தான் இடறும். 1.5, 1.35 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் ஏழாம் வகுப்பில் கால்வாசிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு 1.35 என்று எழுதுவார்கள். சொல்லிக் கொடுத்த அன்று சரியாக எழுதுவார்கள். கட்டம் போட்டு வண்ணம் அடிக்கச் சொன்னால் இன்னும் அழகாக அடிப்பார்கள். பதினைந்து நாள் கழித்துப் பரீட்சை வைத்தால் மறுபடி 1.35. ஒவ்வொரு வருடமும் இதே கதை, பிள்ளைகள்தான் வேறு வேறு.

இந்த வருடம் அப்படிப் பதினோரு பேர். அவர்களைத்தான் ஆனந்தகுமார் சார் கேட்டார்.

“மேடம், பின்தங்கினவங்க பட்டியல் அடுத்த சனிக்கிழமை காலைல எனக்கு வேணும். அதுக்கடுத்த திங்கள்லேருந்து அவங்களுக்குத் தனி ரூம். வருஷம் முடியற வரைக்கும் அங்கதான், அடிப்படைக் கணக்கு மட்டும். வெள்ளிக்கிழமை கடைசியா ஒரு டெஸ்ட் வச்சிப் பாருங்க. பத்துக்கு ஏழு வாங்கினா இங்க, இல்லன்னா அங்க.”

அவர் கெட்ட மனிதர் அல்ல. நாற்பத்தெட்டுப் பேர் இருக்கும் வகுப்பில் பதினோரு பேருக்காக மற்றவர்களை நிறுத்திவைக்க முடியாது என்பது அவர் நியாயம். ஆனால் அந்தத் தனி அறைக்குப் போன பிள்ளை பழைய வகுப்புக்குத் திரும்பி வந்ததை வஜீஹா இதுவரை பார்த்ததில்லை. பதினோரு பேரில் முதல் பெயர் முத்துமாரி. வாயாடி, கெட்டிக்காரி, மனக்கணக்கில் டீச்சரையே முந்திக்கொள்பவள். இந்தப் பெண் எப்படிப் பின்தங்கியவள் ஆவாள்? 

அவர் இதைச் சொன்னது ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு காலை, வீட்டில் மீன் கேட்டார்கள் என்று லூப் ரோடு மார்க்கெட்டுக்குப் போனார். மனசெல்லாம் 1.35-ல்தான் இருந்தது. சங்கரா மீனைக் காட்டி விலை கேட்டபோது பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், “மிஸ்ஸு! எம்மா, எங்க கணக்கு மிஸ்ஸும்மா!” என்று கூவியது. முத்துமாரியேதான். முழங்கை வரை செதில்.

அவள் அம்மா தேசம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “வாங்க மிஸ்ஸு. உங்களுக்குன்னா நல்லதா எடுத்துப் போடறேன். ஏய், எட போடுடி.”

முத்துமாரி மீனை எலக்ட்ரானிக் தராசின் தட்டில் வைத்தாள். சிவப்பு எழுத்தில் 1.250 என்று வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காத வேகத்தில், “ஒரு கிலோ எர்நூத்தம்பது” என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். நூற்றுக்கு நூறு சரி. அதைக் கேட்டதும் வஜீஹாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்தார். பேப்பர் இல்லை. உள்ளங்கையிலேயே 1.5 என்று எழுதி முத்துமாரியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இது தராசுல வந்தா எவ்ளோ?”

“இன்னா மிஸ், ஞாயித்துக்கெழம கூடவா கணக்கு?”

“சொல்லுடி கண்ணு.”

“ஒரு கிலோ அஞ்சு கிராம்.”

“இது?” 1.35 என்று அடியில் எழுதினார்.

“ஒரு கிலோ முப்பத்தஞ்சு கிராம். இதான் பெருசு. பரிச்சைலயும் அத்ததான் எழ்தினேன், நீங்கதான் தப்புன்னு சுழிச்சீங்கோ.”

வஜீஹா நடு மார்க்கெட்டில் கைதட்டினார். நெத்திலி வாங்க வந்த ஒரு அம்மாள் ஒதுங்கி நின்றார். அட, இவ்வளவுதானா விஷயம்! இந்தப் பிள்ளைக்குப் புள்ளி என்பது புள்ளியே இல்லை. புள்ளிக்கு முன்னால் கிலோ, பின்னால் கிராம், அவ்வளவுதான். பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அப்படித்தான் படிக்கிறாள், அப்படிப் படித்துத்தான் வியாபாரம் நடக்கிறது, ஒரு நாளும் தப்பியதில்லை. தப்பாது. ஏனென்றால் தராசு எப்போதும் புள்ளிக்குப் பின்னால் மூன்று எண்ணைக் காட்டும். ஒன்றரைக் கிலோ வைத்தால் 1.500 என்று வருமே தவிர 1.5 என்று அதன் ஆயுளில் வராது. மொட்டையாக 1.5 என்று எழுதுகிற பழக்கம் பாடப்புத்தகத்துக்கு மட்டும்தான். பதினோரு வருடம் மரத்தில் இலை ஒட்டிக்கொண்டிருந்தேனே, ஒரு பிள்ளையிடமாவது இதை எப்படிம்மா படிக்கிறே என்று கேட்டேனா? வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. மீனைத் தேசம்மாவின் பலகையிலேயே மறந்து வைத்துவிட்டு ஆட்டோ ஏறினார். முத்துமாரி பின்னாலேயே ஓடிவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை பதினோரு பேரையும் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு 1.5-ஐப் படிக்கச் சொன்னார். ஒன்பது பேர் ‘ஒரு கிலோ அஞ்சு கிராம்’. ஒன்பது பேர் வீட்டிலும் மீன் வியாபாரம். மீதி இரண்டு பேர், ஜான்சனும் வைரவனும், நெடுநேரம் நெளிந்தார்கள். கடைசியில் ஜான்சன், “நாங்க முத்துமாரிய பாத்து எழ்தினோம் மிஸ்” என்று உண்மையைக் கக்கினான். அவர்கள் பக்கத்து பெஞ்சு.

நோய் தெரிந்துவிட்டது, இனி மருந்து. இங்கேதான் சார்ட் மிஸ்ஸுக்குக் கை பரபரத்தது. தெர்மாகோல் தராசு செய்யலாமா, ரிப்பன் கட்டலாமா என்று பழைய புத்தி ஓடியது. இல்லை, இந்தப் பிள்ளைகள் நம்புவது ஒன்றைத்தான், அந்தச் சிவப்பு எழுத்தை. மரம் சொன்னால் நம்பமாட்டார்கள், மிஸ் சொன்னாலும் நம்பமாட்டார்கள். தராசு சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மாலை தி. நகருக்குப் போனார். மாம்பலம் ஸ்டேஷன் கூட்டத்தில் இடிபட்டு, ஒரு மாடிப்படி ஏறினால் அவர் தம்பி ஃபராஸ் நகை வேலை செய்யும் பட்டறை. ஃபராஸ் நிமிர்ந்து பார்த்தான். அவன் ஆபா என்று கூப்பிடும் அக்காவின் கையில் இரண்டு பை கடல்மணல், ஒரு கட்டு ஸ்ட்ரா, ஒரு மெழுகுவத்தி.

“என்ன ஆபா, பட்டறைக்கு மணல் கொட்ட வந்தீங்களா?”

“பேசாதே. உன் தராசைக் குடு. தங்கம் நிறுக்கறியே, அது.”

“ஆபா, அது மில்லிகிராம் காட்டற தராசு. அதுல மணலா?”

“சுத்தம் பண்ணிக் குடுத்துடறேன்டா. வெயில்ல காயவச்சு சலிச்ச மணல்தான்.”

தம்பி தலையில் அடித்துக்கொண்டான், ஆனால் கொஞ்ச நேரத்தில் அவனே உட்கார்ந்துவிட்டான். ஸ்ட்ராவைத் துண்டுபோட்டு, ஒரு முனையை மெழுகுவத்தியில் காட்டி நசுக்கி மூடி, மணல் போட்டு, மறுமுனையையும் மூடினால் ஒரு கிராம். ஸ்ட்ராவின் எடையையும் சேர்த்து ஒரு கிராம். சின்ன ஜிப் கவரில் கவரோடு பத்து கிராம். பெரிய கவரில் நூறு கிராம். வகைக்கு இருபது செய்தார்கள். ஒரு கிலோ மூட்டை இரண்டை மட்டும் பட்டறையின் பெரிய தராசில் நிறுத்தார்கள். ஒரு மணலைக் கூட்டிக் குறைத்து, ஊதி, மறுபடி நிறுத்து, ஃபராஸ் தாலிச்செயினுக்குக் காட்டும் அக்கறையை ஸ்ட்ராவுக்குக் காட்டினான்.

புதன்கிழமை, வஜீஹா கேட்டபடி, தேசம்மா தன் மாற்றுத் தராசைக் கொடுத்தனுப்பியிருந்தாள். வஜீஹா மேஜையில் வரிசையாக நான்கு டப்பா வைத்தார். முதல் டப்பாவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் பெரிய சிவப்புப் பொட்டு. அதுதான் புள்ளி. பொட்டுக்கு முன்னால் கிலோ டப்பா. பின்னால் நூறு கிராம் டப்பா, பத்து கிராம் டப்பா, ஒரு கிராம் டப்பா.

“சட்டம் இதுதான். எண்ணுல எந்த இடத்துல எது இருக்கோ, அந்த டப்பாவுல அத்தனை பொட்டலம். ஒரு டப்பாவுல ஒன்பதுக்கு மேல வைக்கக் கூடாது. பத்து ஆச்சுன்னா எங்கிட்ட குடுத்துட்டு, முன் டப்பாவுக்கு ஒரே ஒரு பொட்டலம் வாங்கிக்கணும். ஆனா எதையும் தொடறதுக்கு முன்னாடி, தராசு என்ன காட்டும்னு நோட்டுல எழுதணும். அழிக்கக் கூடாது.”

போர்டில் 1.5 என்று எழுதினார்.

நோட்டுகளில் பதினோரு பேரும் 1.005 என்று எழுதினார்கள். ஜான்சனும் வைரவனும் உட்பட, அவர்கள் இன்னும் முத்துமாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்துமாரி எழுந்து போய் கிலோ டப்பாவில் ஒரு மூட்டை வைத்தாள். பொட்டைத் தாண்டினாள். அடுத்த டப்பா நூறு கிராம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று வைத்தவள் நின்று டப்பாவை முறைத்தாள்.  எல்லாவற்றையும் அள்ளித் தட்டில் வைத்தாள்.

1.500.

 வகுப்பில் ஒரே கூச்சல்.

“தராசு கெட்டுப்போச்சு மிஸ்!” என்றான் வைரவன்.

வந்ததே கோபம் முத்துமாரிக்கு. “எங்கம்மா தராச இன்னான்னு நெனச்சிக்கினு கீற? அது பொய் சொல்லாது. நூறு கிராம் அஞ்சு போட்டா ஐநூறு காட்டாம உங்க நைனாவ காட்டுமா?” என்று ஒரு பிடி பிடித்தாள். பேச்சு பாதியில் நின்றது. தன் நோட்டைப் பார்த்தாள். போர்டைப் பார்த்தாள். “மிஸ்... அப்ப 1.5 ஒன்றர கிலோவா? இத்தினி நாளா ஒன்றர கிலோவா?”

“உன் தராசுதானேம்மா சொல்லுது.”

“அப்ப ஒரு கிலோ அஞ்சு கிராமு எப்டி எழ்தறது?”

கேட்டாளே அந்தக் கேள்வியை! வஜீஹா சாக்பீஸை அவள் கையில் கொடுத்தார். டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டு, நோட்டில் இருந்த அதே 1.005-ஐ அவள் போர்டில் எழுதினாள். நூறு கிராம் பொட்டலங்களை எடுத்துவிட்டு, கிலோ மூட்டையோடு ஐந்து ஸ்ட்ராவைத் தட்டில் போட்டாள். அந்தத் தராசு ஐந்தைந்து கிராமாகத்தான் ஏறும், அதனால் ஒரு ஸ்ட்ராவைத் தனியாகப் போட்டால் அசையாது. ஐந்தும் சேர்ந்ததும் 1.005 என்று துல்லியமாகக் காட்டியது. விசில் பறந்தது. அதற்கப்புறம் வஜீஹாவுக்கு வகுப்பில் வேலையே இல்லை. 1.05-ஐ வைத்துப் பார்த்தார்கள். 1.35-ஐ 1.5-க்குப் பக்கத்தில் வைத்து, யார் தட்டு கனம் என்று கையால் தூக்கிப் பார்த்தார்கள். பத்து கிராம் பொட்டலம் பத்து சேர்ந்ததும், “மிஸ், மாத்திக் குடுங்கோ” என்று வரிசையில் நின்றார்கள். மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை. அடுத்த பீரியட் தமிழாசிரியர் வாசலில் வந்து நின்றவர், அவரும் உள்ளே வந்து ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

வஜீஹாவுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. ஆனால் பதினோரு வருட அனுபவம் காதுக்குள் கிசுகிசுத்தது: சொல்லிக் கொடுத்த அன்று எல்லாரும் சரியாகத்தான் செய்வார்கள். அது மட்டுமல்ல, மதியம் ஒருத்தி தோழிக்குக் குறுக்குவழி சொல்லிக்கொண்டிருந்தாள், “ஜீரோ போட்டு மூணாக்கிடு, முடிஞ்சிச்சி.” விடை வந்துவிடும். ஆனால் விஷயம் புரிந்ததா, இல்லை கை மட்டும் பழகியதா?

அதனால் வியாழக்கிழமை தராசை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பிள்ளைகள் முனகினார்கள். டப்பாக்கள் மட்டும் மேஜையில். கயிற்றைக் கொடுத்து 2.3 மீட்டரும் 2.18 மீட்டரும் வெட்டச் சொன்னார். கிலோ போய் மீட்டர் வந்ததும் சிலர் விழித்தார்கள். “முதல் டப்பா மீட்டர்னா அடுத்தது என்ன?” என்று மட்டும் கேட்டார். பத்தில் ஒரு பங்கு, அதில் பத்தில் ஒரு பங்கு என்று அவர்களே மடித்து மடித்துக் கண்டுபிடித்தார்கள்.

முத்துமாரிதான் கடைசியில் கையைத் தூக்கினாள். “மிஸ், ஸ்ட்ரா டப்பாக்கு அப்புறம் இன்னொரு டப்பா வச்சா அதுல இன்னா போடறது?”

“நீயே சொல்லு.”

“ஸ்ட்ராவ பத்தா வெட்டணும். ஒரு சிட்டிக மணலு வரும். ஆனா தராசு காட்டாதே?”

“காட்டாது. எண்ணு மட்டும்தான் காட்டும்.”

அவள் ஸ்ட்ரா டப்பாவுக்குப் பக்கத்தில் காலி இடத்தில் விரலால் இன்னொரு டப்பா வரைந்தாள்.

வெள்ளிக்கிழமை டெஸ்ட். டப்பா இல்லை, தராசு இல்லை, பதினோரு பேரும் ஆளுக்கொரு பெஞ்சு. பத்துக் கேள்வி. கடைசிக் கேள்வியை வஜீஹா வேண்டுமென்றே வைத்திருந்தார்: 0.4, 0.1625 எது பெரியது? ஏன்? மூன்று எண்ணாக்குகிற குறுக்குவழி இதில் செல்லாது, எந்த மார்க்கெட் தராசும் இதைக் காட்டாது. எழுதச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.  ஓரக்கண்ணால் பார்த்தால் முத்துமாரி எழுதவே இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சின் மேல் காற்றில் எதையோ எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். யா அல்லாஹ், எழுதேன்டி என்று வஜீஹாவின் மனசு கெஞ்சியது.

தாளை வாங்கியதும் ஆசிரியர் அறை வரை போகப் பொறுமை இல்லை, வராந்தாவில் சுவரில் வைத்தே திருத்தினார். எட்டு. ஒன்பது. ஏழு. ஒன்பது. முத்துமாரியுடையது பத்து. கடைசிக் கேள்விக்கு அவள் எழுதியிருந்தாள்: ‘0.4 பெருசு. பொட்டுக்கு அப்பால மொத டப்பாவுல அதுல நாலு கீது, இதுல ஒண்ணுதான் கீது. பின்னாடி எத்தினி டப்பா வந்தாலும் எல்லாம் பொடிசு, அந்த மூணுக்கு ஈடாகாது.’ வஜீஹா அதை இரண்டு முறை படித்தார்.  பேச்சுத் தமிழில் எழுதியதற்கு மார்க் குறைக்க அவர் என்ன தமிழாசிரியரா?

பத்துப் பேர் தேறிவிட்டார்கள். ஜான்சன் மட்டும் ஆறு. பார்த்து எழுத ஆள் இல்லாமல் அவன் தானே வாங்கிய முதல் ஆறு அது. வஜீஹா கட்டோடு போய் ஆனந்தகுமார் சார் மேஜையில் வைத்தார்.

அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். முத்துமாரியின் தாளில் நின்றார், சிரித்தார். “பட்டியல்ல யாருமே இல்லையா?”

“ஜான்சன் ஒருத்தன் சார். எனக்கு ஒரு வாரம் குடுங்க.”

“எடுத்துக்கோங்க” என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். “திங்கள்லேருந்து எல்லாரும் உங்க ரூம்லயே இருக்கட்டும்.”

வஜீஹா ஓட்டமும் நடையுமாக வகுப்புக்கு வந்து சொன்னார். பெஞ்சுகள் அதிர்ந்தன. வைரவன் ஜான்சனைத் தூக்கிச் சுற்றினான். முத்துமாரி மட்டும் குதிக்கவில்லை. டீச்சரின் துப்பட்டா நுனியைத் தொட்டு, “மிஸ், எங்க அக்காவும் அப்டித்தான் படிக்கும்” என்றாள்.

“எந்த அக்கா?”

“ஆஷா மிஸ். எட்டாவது. போன வர்சம் அந்தத் தனி ரூம்புக்குப் போயி இன்னமும் அங்கியே கீதே. நேத்து ஊட்ல 1.5 எழ்திக் காட்டினேன். ஒரு கிலோ அஞ்சு கிராம்னுச்சி.”

வஜீஹாவின் சிரிப்பு அப்படியே நின்றது. ஆஷா. போன வருடப் பட்டியலில் மூன்றாவது பெயர். இதே கணக்கு, இதே 1.35. தன் கையெழுத்தில் எழுதி, தானே கொண்டுபோய்க் கொடுத்த பட்டியல். இந்த வருடம் அந்தப் பெண் கணக்கில் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று தனி அறைக்குப் பாடம் எடுப்பவர்கள் ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டார்கள். தானும் ஆமாம் என்று தலையாட்டினாரே.

கடைசி பீரியட் முடிய இன்னும் முப்பது நிமிடம் இருந்தது. பீரோவைத் திறந்து தராசை எடுத்தார். முத்துமாரி டப்பாக்களை அடுக்கிக்கொண்டாள், வைரவனும் ஜான்சனும் ஆளுக்கொரு மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். மாடியில் கோடி அறைதான் அந்தத் தனி அறை. உள்ளே ஏழு பிள்ளைகள் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தார்கள். இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள்.

வஜீஹா போர்டில் 1.5 என்று எழுதினார். “ஆஷா, இதைப் படிம்மா.”

ஆஷா தலையைக் குனிந்துகொண்டாள். தப்பாகச் சொல்லிச் சொல்லி வாய் மூடிப்போன பிள்ளை. “தெரியாது மிஸ்” என்றாள்.

“தெரியும். மார்க்கெட்ல எப்படிப் படிப்பியோ அப்படிப் படி.”

தங்கையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மெல்ல, “ஒரு கிலோ அஞ்சு கிராம்.”

“நீ எப்படிப் படிக்கிறேன்னு நான் போன வருஷமே உங்கிட்ட கேட்டிருக்கணும். கேக்காம உன் பேரை எழுதிட்டேன். அது என் தப்பு” என்றார் வஜீஹா.   தராசின் பட்டனை அழுத்தி, தட்டை ஆஷாவின் பக்கம் திருப்பி வைத்தார். “வா, நீயே எடை போடு.”

ஆஷா பெஞ்சைவிட்டு வெளியே வந்தாள்.